செக்கு எண்ணெய்க் கடைப் பதிவுகள்: எங்கே தமிழ், எங்கே ஆங்கிலம்?

காங்கேயம்_செக்கு
வணக்கம். காங்கேயத்தில் மரச்செக்குக் கடை. செக்கை அப்பா பார்த்துக்கொள்கிறார், பதிவு போடுவது என் வேலை. சுற்றுவட்டாரப் பெரியவர்களுக்கு எஸ்எம்எஸ், சென்னை பெங்களூரில் இருக்கும் நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்கு இன்ஸ்டா. எல்லோருக்கும் புரியட்டும் என்று பாதிப் பாதியாக எழுதி இரண்டு இடத்திலும் ஒன்றையே போட்டேன்:

```
Fresh நல்லெண்ணெய் ready! 1 litre ₹420. Order pannunga, tomorrow door delivery available. Call or WhatsApp us today.
```

எஸ்எம்எஸ் பில் நான் கணக்குப் போட்டதைவிட இரண்டு மடங்கு வந்திருக்கிறது. இன்ஸ்டாவில் லைக் விழுகிறது, ஆர்டர் விழவில்லை. மொழியில்தான் கோளாறா?

சுத்தத்தமிழன்
எல்லா இடத்திலும் தமிழிலேயே போடுங்கள், முடிந்தது. ஃபேஸ்புக் விளம்பரம் கொடுக்கும்போது மொழி என்ற இடத்தில் தமிழைத் தேர்ந்தெடுத்தால் சரியான ஆட்களுக்கு மட்டும் போகும்.

கோவை_விளம்பரம்
முதலில் பில். சாதா ஆங்கில எழுத்தில் மட்டும் இருந்தால் ஒரு எஸ்எம்எஸ்ஸில் 160 எழுத்து போகும். தமிழ் எழுத்து ஒன்று வந்துவிட்டாலே முழுச் செய்தியும் 70 கணக்குக்கு மாறிவிடும், அதற்கு மேல் போனால் 67, 67 ஆக வெட்டி ஒவ்வொரு துண்டுக்கும் தனிக் காசு. உங்கள் செய்தி 115. நல்லெண்ணெய் என்ற ஒரே சொல்லுக்காக இரண்டு எஸ்எம்எஸ் காசு கொடுத்திருக்கிறீர்கள். அதை எடுத்தாலும் ₹ குறி இருக்கும்வரை அதே கதைதான், `Rs.` என்று அடிக்க வேண்டும்.

அதற்காகப் பெரியவர்களுக்கு ஆங்கிலத்தில் அனுப்பச் சொல்லவில்லை. `pannunga` என்பதை எழுத்துக்கூட்டிப் படிப்பது அவர்களுக்குத்தான் ரொம்பச் சிரமம். கலக்காமல் முழுத் தமிழில், சுருக்கமாக:

```
நாளை செக்கு ஆட்டுகிறோம். நல்லெண்ணெய் லிட்டர் ரூ.420. இன்றே சொல்க.
```

இது 65. புள்ளி, கொம்பு, சுழி எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும், அதனால் கண்ணால் எண்ணாதீர்கள், அனுப்பும் தளமே எண்ணிக்கை காட்டும். வாசகத்தை மாற்றினால் டிஎல்டி என்ற எஸ்எம்எஸ் பதிவுத் தளத்தில் டெம்ப்ளேட்டை மறுபடி பதிய வேண்டும், அதையும் மறந்துவிடாதீர்கள்.

சுத்தத்தமிழன் அண்ணா, பெரியவர்களுக்கு நீங்கள் சொன்னது சரி. ஆனால் அந்த மொழித் தேர்வு கொஞ்சம் ஆபத்து. வீட்டில் தமிழ் பேசிக்கொண்டு போனை ஆங்கிலத்தில் வைத்திருப்பவர்கள் ஏராளம், அவர்களில் பலர் விட்டுப்போவார்கள். தமிழ்நாட்டுக்குள் விளம்பரம் என்றால் அதைக் காலியாக விடுவதே மேல்.

கிள்ளான்_டியூஷன்
எங்களுக்கும் இதே தலைவலிதான். இங்கே மலேசியாவில், மலாய்வழித் தேசியப் பள்ளியில் படித்த பெற்றோர் சிலருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. மலாய், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் போட்டுப் பார்த்தேன், நீளமாகிவிடுகிறது என்று யாரும் படிப்பதில்லை. இப்போது தமிழில் குரல் பதிவு, கட்டண விவரம் மட்டும் ஆங்கிலத்தில். உங்களுக்கு மொழிபெயர்க்க ஆள் வேண்டுமா?

காங்கேயம்_செக்கு
மொழிபெயர்ப்பு வேண்டாம் அக்கா, ஆனால் குரல் பதிவு யோசனை நன்றாக இருக்கிறது. பில் விஷயம் புரிந்தது. அப்போ இன்ஸ்டா?

கோவை_விளம்பரம்
இன்பாக்ஸைத் திறந்து, விசாரித்தவர்கள் எந்த எழுத்தில், எதைக் கேட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

காங்கேயம்_செக்கு
பார்த்தேன். முக்கால்வாசி ஆங்கில எழுத்துதான். `price pls`, `chennai courier iruka`. விலையைத்தான் போட்டிருக்கிறேனே?

கோவை_விளம்பரம்
உங்கள் பக்கத்தைப் போய்ப் பார்த்தேன் தம்பி. எஸ்எம்எஸ்ஸில் விலை முன்னால் இருக்கிறது, இன்ஸ்டாவில் அதற்கு மேலே வாகை மரச்செக்கின் பெருமையைத் தமிழில் ஒரு பத்தி ஏற்றிவிட்டீர்கள். தலைப்புரையில் முதல் ஒன்றிரண்டு வரிதான் தெரியும், மீதி மடங்கிவிடும். விலை மடிப்புக்குள், கூரியர் பற்றிப் பேச்சே இல்லை. இந்த வரியை மேலே கொண்டுவாருங்கள்:

```
Gingelly oil 1 L Rs.420. Courier to Chennai, Bengaluru.
```

தமிழ்ப் பத்தி கீழே இருக்கட்டும், படிக்கிறவர்கள் படிப்பார்கள். காணொளியில் அப்பாவின் பேச்சு அப்படியே நம்ம ஊர்த் தமிழில் ஓடட்டும். இந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ் காதில் விழுந்தால் போதும், கண்ணால் படிக்கத்தான் சோம்பல். சத்தமில்லாமல் பார்ப்பவர்களுக்குத் திரையில் விலை மட்டும் ஆங்கிலத்தில். வெளிநாட்டுக்கு விற்பதாக இருந்தால் `sesame` என்று தனியாகப் போட வேண்டும், அங்கே ஜிஞ்சலி என்று தேட மாட்டார்கள்.

சுத்தத்தமிழன்
முதல் வரியே ஆங்கிலமா? ஊர்க்காரர் அதே பக்கத்தைப் பார்த்தால் நம்ம கடை இல்லை என்று நினைப்பார். தமிழிலும் விலையை இரண்டு சொல்லில் சொல்லலாமே.

கோவை_விளம்பரம்
சொல்லலாம். ஒரு வாரம் அப்படி, ஒரு வாரம் இப்படி, இரண்டு வாரமும் நாளின் அதே நேரத்தில் போட்டுப் பாருங்கள். லைக்கை விடுங்கள், விசாரணை எத்தனை வருகிறது என்று எண்ணுங்கள். சின்னக் கடைக்கு எண்ணிக்கை குறைவாகத்தான் வரும், ஒரு வாரத்தை வைத்து முடிவு கட்ட முடியாது.

காங்கேயம்_செக்கு
சரிங்க. எஸ்எம்எஸ் டெம்ப்ளேட்டை இன்றே பதியக் கொடுக்கிறேன். முதல் வரியைப் பற்றி அப்பாவும் சுத்தத்தமிழன் பக்கம்தான், அதனால் முதல் வாரம் தமிழ்.