புதுப்பிப்பு: காரைக்குடி டேங்கரில் இரண்டு அறை டீசல் ஏற்றலாமா?

“நான்கு அறை, ஒவ்வொன்றும் 5,000 லிட்டர். ஆர்.சி.யில் மொத்த எடை 25,000 கிலோ. ஓட்டுநருடன் காலி எடை 9,500. இரண்டு அறை பெட்ரோலும் இரண்டு அறை டீசலும் ஏற்றினால் எடை தாண்டுமா?”

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. சரக்குக்கு இருப்பது 15,500 கிலோ. பெட்ரோல் லிட்டருக்கு 0.74 கிலோ, டீசல் 0.83 என்று வைத்தால் இரண்டுக்கு இரண்டு 15,700 வருகிறது. 200 கிலோ கூடுதல். மூன்று பெட்ரோல், ஒரு டீசல் என்றால் 15,250.

தேவகோட்டை அண்ணன் டீசல் அறையைக் கொஞ்சம் குறைத்து நிரப்பச் சொன்னார். கணக்கு சரிதான். ஆனால் அறை குறிவரை நிரம்பினால்தான் டிப் குச்சி அளவு ஒத்துவரும். குறையாக விட்டால் திருப்பத்தில் எண்ணெய் அலைந்து வண்டியை இழுக்கும். அதை நான் ஏற்க மாட்டேன். புதுவயல்காரர் தம் தண்ணீர் லாரியைப் பற்றி எழுதியிருந்தார். அதில் ஒரே சரக்கு, இந்தச் சிக்கலே வராது.

கிடங்கில் பணியாற்றிய பெரியவர் சொன்னதுதான் முக்கியம்: நான் எடுத்த அடர்த்தி 15 டிகிரிக்கானது. 35 டிகிரி வெயிலில் இரண்டும் விரிந்து, அதே லிட்டர் ஏறக்குறைய 15,380 கிலோதான் நிற்கும். அப்படியானால் சித்திரையில் இரண்டுக்கு இரண்டு போகலாம். மார்கழி விடியல் குளிரில் மிச்சமே இல்லாமல் எடை தாண்டிவிடலாம். அதனால் ஏற்றும் நாளின் அடர்த்தியை வைத்துக் கணக்கிட்டு, எடைமேடையில் சரிபார்க்கிறோம்.

டீசலை முன் அறையில் வைப்பதா, பின் அச்சுக்கு மேலா என்பது இன்னும் முடிவாகவில்லை.