ஏழு மாதக் குழந்தை: தூக்கிக் கிடத்துவதா, நாற்காலி போட்டு உட்காருவதா?

கயல்: 7 மாதம். இதுவரை தோளில் போட்டு ஆட்டித்தான் தூங்க வைத்தோம். தானாகத் தூங்கப் பழக்க, நான்கு ராத்திரியாக, அழுதால் தூக்குகிறோம், அடங்கினால் கிரிப் கட்டிலில் கிடத்துகிறோம். நேற்று நாற்பது தடவை தாண்டிவிட்டது, அழுகையும் கூடுகிறது. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அதைச் சில ராத்திரிக்கு ஒருமுறை தள்ளிக்கொண்டே போகும் நாற்காலி முறைக்கு மாறலாமா?

பூங்குழலி: முதல் ராத்திரிகளில் நாற்பது தடவை சாதாரணம். நான்காவதிலும் கூடுகிறதென்றால், கிடத்தும் நொடியைக் கவனியுங்கள். அழுகை நின்றதுமே, கண் திறந்திருக்கும்போதே இறக்க வேண்டும். கண் சொருகும்வரை வைத்திருந்தால் அது பழைய ஆட்டல்தான். தோளில் தூங்கி மெத்தையில் விழித்த குழந்தை திடுக்கிட்டு அழும். இன்னொன்று, சிணுங்கலுக்குத் தூக்கக் கூடாது. முதலில் நெஞ்சில் கை, மெல்ல 'ஷ்ஷ்'. அழுகை ஏறினால் மட்டும் தூக்குங்கள், ஆட்டாமல்.

மாறன்: எதற்கு இத்தனை பாடு? நாற்காலியில் உட்கார்ந்தால் போதும். குழந்தையைத் தொடவே கூடாது, தானாக அடங்கும்.

நச்செள்ளை: பாதிதான் சரி. கிரிப்பை ஒட்டி உட்காரும் முதல் இரண்டு மூன்று ராத்திரிகளில் தட்டலாம், சற்றுநேரம் கை வைக்கலாம். அழுகை கட்டுமீறினால் தூக்கவும் செய்யலாம், தூங்கும்வரை அல்ல. பிறகு நாற்காலி அறையின் நடுவுக்கு, அடுத்து வாசலுக்கு, அதன்பின் வெளியே. ஒவ்வோர் இடத்திலும் இரண்டு மூன்று ராத்திரி. தொடுவதும் பேசுவதும் நாற்காலியோடு சேர்ந்தே குறையும். பலர் தவறுவது இங்கேதான்: நாற்காலியை நகர்த்திவிட்டு, ஒவ்வொரு அழுகைக்கும் எழுந்து கிரிப்புக்கே போகிறார்கள். கயல், எனக்கு நாற்காலிதான் சரியென்று படுகிறது. சில குழந்தைகளுக்குத் தூக்குவதே விளையாட்டாகி விழிப்பைக் கூட்டும்.

பூங்குழலி: அது குழந்தையைப் பொறுத்தது. பக்கத்தில் இருந்தும் தூக்காத ஆளைப் பார்த்து இன்னும் கோபப்படும் குழந்தையும் உண்டு. கயல், தூக்கியதும் முதுகை வளைத்துத் தள்ளுகிறதா, உடல் தளர்கிறதா?

சுடர்: எங்கள் வீட்டுக் குழந்தைக்கு 2 மாதம். இன்றே தொடங்கலாமா?

நச்செள்ளை: வேண்டாம். அந்த வயதில் திரும்பத் திரும்பத் தூக்கி இறக்குவது கிளர்ச்சியைத்தான் கூட்டும். கையிலேயே தூங்கட்டும். தூங்கியதும் மல்லாக்கக் கிடத்துங்கள்; கிரிப்பில் தலையணை, போர்வை, பொம்மை எதுவும் வேண்டாம்.

கயல்: தளர்கிறது, ஒரு நிமிடத்தில் அடங்குகிறது. முதுகு மெத்தையில் பட்டதும் விறைத்துக் கத்துகிறது.

பூங்குழலி: அப்படியானால் தூக்குவதில் பிழையில்லை, இறக்குவதில்தான். பின்பக்கம் முதலில், தலை கடைசியில் படட்டும். படுத்த பிறகும் அரை நிமிடம் நெஞ்சில் கை இருக்கட்டும். இறங்கும் வழியில் அழுதாலும் பாதியில் திரும்பத் தூக்காமல் முழுக்கக் கிடத்திவிட்டு, பிறகு தூக்குங்கள். மூன்று ராத்திரி இப்படிப் பாருங்கள்.

நச்செள்ளை: மூன்று ராத்திரி சரி. ஆனால் மாலைத் தூக்கம் முடிந்து எத்தனை மணிநேரத்தில் படுக்க வைக்கிறீர்கள்? மூன்றரை தாண்டியிருந்தால், களைப்பு மீறிய குழந்தையிடம் எந்த முறையும் எடுபடாது. அப்புறமும் அழுகை குறையாவிட்டால் நாற்காலிதான் என்பேன்.

கயல்: நாலு மணிநேரம் ஆகிறது. இன்று அதை முதலில் குறைக்கிறேன்.