கணுக்கால் வரை இருந்த ஃபிராக்கை முழங்காலுக்குக் கீழே ஏற்ற முடியுமா? கானாடுகாத்தான் வீட்டில் எடுத்த படம்

கண்டாங்கிக்கடை:
கண்டாங்கித் துணியில் தைத்த ஃபிராக். கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய வீட்டின் வளவில் வைத்துப் படம் எடுத்தோம். அப்போது நீளம் கணுக்கால் வரை. இப்போது விற்கப்போவது முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே நிற்கிற உருப்படி. போட்டிருப்பது என் அத்தை மகள், 27 வயது. நீளத்தைக் குறைத்துக்கொள்ள அவளுக்குச் சம்மதம், ஆனால் இப்போது ஊரில் இல்லை. அந்த வீடும் பூட்டியாச்சு. படத்திலேயே விளிம்பை ஏற்றி, கீழே காலையும் ஆத்தங்குடித் தரையையும் வரைந்து சேர்க்க முடியுமா? இல்லை மறுபடி எடுக்கத்தான் வேண்டுமா?

டச்சிங்தம்பி:
அரை மணி நேர வேலை அக்கா. போட்டோஷாப்பில் கீழ் பார்டரை லாசோவில் வெட்டி, தனி லேயராக்கி, அப்படியே மேலே நகர்த்துங்க. கீழே மிச்சமிருக்கிற துணியை குளோன் ஸ்டாம்பால் தரையாக்கிடலாம். காலுக்கு ஸ்டாக் படம் நிறையக் கிடைக்கும். ஒரு கால் நல்லதாகக் கிடைத்தால் போதும், அதையே திருப்பிப் போட்டால் இரண்டாவது கால்.

ஒளிக்கண்:
இதற்குத்தான் நான் சொல்கிறது, மறுபடி எடுங்கள். முகம் ஒருத்தியுடையது, கால் இன்னொருத்தியுடையது என்றால் அது படமே இல்லை, ஒட்டுப்போட்ட சுவரொட்டி. துணி வாங்குகிறவர்களுக்கும் பொய். அந்த வீடு இல்லையென்றால் பக்கத்திலேயே வேறு வீடு வாடகைக்குக் கிடைக்கும், செட்டிநாட்டில் வளவுக்கா பஞ்சம்?

தேக்குத்தூண்:
ஒளிக்கண் அண்ணே, வேறு ஆளின் கால் வேண்டாம் என்பதில் உங்கள் பக்கம்தான் நான். ஆனால் முடியாத வேலை இல்லை. தம்பி சொன்ன வழியில் போனால் மட்டும் முடியாது, அதுவும் இந்தப் படத்தில்.

கண்டாங்கிக்கடை, ஒன்று சொல்லுங்கள்: எடுத்தவர் தரையில் உட்கார்ந்து எடுத்தாரா?

கண்டாங்கிக்கடை:
ஆமாம், சம்மணம் போட்டு உட்கார்ந்து, கேமராவை மடிக்குப் பக்கத்தில் வைத்து எடுத்தார். ஆள் உயரமாகத் தெரிவதற்காம். எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

தேக்குத்தூண்:
தரையே சொல்கிறது. நம்மை விட்டுத் தள்ளிப் போகிற கற்களின் இணைப்புக் கோடுகளை ஸ்கேல் வைத்தது மாதிரி மேலே நீட்டிப் பாருங்கள். எல்லாம் ஒரே புள்ளியில் சேரும். அந்தப் புள்ளி வழியாகப் படுக்கையாக ஒரு கோடு போடுங்கள். அந்தத் தரையில் நிற்கிற எதன் மேல் அந்தக் கோடு போனாலும், வெட்டுகிற இடம் கேமராவின் உயரம். உங்கள் படத்தில் அது தேக்குத் தூணின் கீழ்க் கல்லுக்குச் சற்று மேலேயும், பெண்ணின் கெண்டைக்கால் இருக்கவேண்டிய இடத்திலும் போகிறது. தரையிலிருந்து 30 செ.மீ என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது பழைய விளிம்பு தரையிலிருந்து 6 செ.மீ உயரத்தில் இருக்கிறது, அதாவது கேமராவுக்குக் கீழே. அதனால் அதன் நடுப்பகுதி கீழ்நோக்கித் தொங்குகிற வளைவாகத் தெரிகிறது. புதிய விளிம்பு 42 செ.மீ உயரத்தில் வரும். அது கேமராவுக்கு மேலே. அங்கே வளைவு தலைகீழாகும், நடு மேலே ஏறி இரண்டு ஓரமும் இறங்கும். தம்பி சொன்னபடி பழைய பார்டரை அப்படியே ஏற்றினால், கேமரா இடுப்பளவில் இருந்து பார்த்த பாவாடையைத் தரையிலிருந்து பார்த்த உடம்பில் மாட்டியது போலாகிவிடும். பார்க்கிறவருக்கு என்ன தப்பு என்று சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ தப்பு என்று தெரிந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. கேமரா விளிம்புக்குக் கீழே இருந்தால் பின்பக்கத் துணியின் உட்புறம் தெரியும். 3 மீட்டர் தூரத்தில் இருந்து எடுத்திருந்தால், 70 செ.மீ அகலப் பாவாடைக்கு நடுவில் ஏறக்குறைய 3 செ.மீ பட்டையாக அந்த உட்புறம் எட்டிப் பார்க்கும். அதைக் கொஞ்சம் இருட்டாக, லைனிங் நிறத்தில் வரைய வேண்டும். இரண்டு காலும் அந்தப் பட்டைக்கு முன்னால் இறங்க வேண்டும்.

டச்சிங்தம்பி:
சரிண்ணே, Warp கருவியில் வளைத்துக்கொள்ளலாம். அதற்கா இவ்வளவு கணக்கு?

தேக்குத்தூண்:
Warp-இல்தான் வளைக்கப்போகிறோம் தம்பி. எந்தப் பக்கம், எவ்வளவு என்பதற்குத்தான் கணக்கு.

கத்திரிமாஸ்டர்:
தையற்காரன் சொல்கிறேன், கேளுங்கள். கண்டாங்கியின் பார்டர் நேராக நெய்தது. அதனால் அந்தப் பாவாடையைக் குடை மாதிரி வட்டமாக வெட்டியிருக்க முடியாது, இடுப்பில் சுருக்கு வைத்துத்தான் தைத்திருப்பார்கள். குட்டையாக்கும்போது கீழே வெட்ட மாட்டோம், பார்டர் போய்விடும். இடுப்பில் எடுப்போம். அப்போது கட்டம் எண்ணிக்கையில் குறையும், பார்டரும் அதற்கு மேலே ஒட்டி நிற்கிற கட்டமும் மாறாது. படத்தில் பாதிக் கட்டத்தில் பார்டரை ஒட்டினால் துணி தெரிந்தவர் உடனே கண்டுபிடிப்பார்.

அப்புறம், நீளம் குறைந்தால் கனம் குறையும். சுருக்குப் பாவாடை கொஞ்சம் எட்டி நிற்கும், அவ்வளவு நேராக விழாது. அந்தப் படத்தில் இருக்கிற விழுகை குட்டைப் பாவாடையின் விழுகை இல்லை.

ஒளிக்கண்:
பார்த்தீர்களா? இதைத்தான் பொய் என்கிறேன்.

கண்டாங்கிக்கடை:
மாஸ்டர், கட்டம் ஒன்று சரியாக 4 செ.மீ. அப்போது 9 கட்டம் ஏற்றினால் 36 செ.மீ. 6-லிருந்து 42!

தேக்குத்தூண்:
அருமையாக அமைந்துவிட்டது. ஏற்றுவதை முழுக் கட்டங்களில் ஏற்றுங்கள், பார்டருக்கு மேலே உள்ள கட்டத்தையும் சேர்த்து நகர்த்துங்கள், ஒட்டு தெரியாது. மாஸ்டர் சொன்ன விழுகைக்கு, விளிம்பை இரண்டு ஓரத்திலும் கொஞ்சம் வெளியே இழுத்துவிடலாம். எவ்வளவு என்பதை, தைத்து முடித்த உருப்படியை யாரையாவது உடுத்தச் சொல்லிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஊகத்தில் செய்யாதீர்கள்.

இனி கால். தம்பி, ஒரு காலைத் திருப்பி இன்னொரு காலாக்குவது எலும்பு அமைப்புக்குச் சரிதான், இடது கால் வலது காலின் கண்ணாடிப் பிம்பம் மாதிரிதான் இருக்கும். ஆனால் வெளிச்சமும் சேர்ந்து திரும்பிவிடும். வெளிச்சம் இடப்பக்கம் வளவிலிருந்து வருகிறது. திருப்பின காலில் அது வலப்பக்கச் சுவரிலிருந்து வரும். போதாததற்கு அவள் ஒரு காலில் பாரம் போட்டு நிற்கிறாள், இடுப்புச் சாய்விலேயே தெரிகிறது. பாரம் தாங்குகிற கால் நேராக விறைத்திருக்கும், மற்றது முழங்காலில் தளர்ந்திருக்கும்.

அதனால் அவளையே கேளுங்கள். எந்த ஊரில் இருந்தாலும் சரி, ஜன்னல் இடப்பக்கம் வருகிற மாதிரி, அதே செருப்பு, அதே நிலை, முழங்கால் தெரிகிற ஏதாவது உடை. போன் 30 செ.மீ உயரத்தில், 3 மீட்டர் தள்ளி. கிட்டே வந்து எடுக்க வேண்டாம், ஜூம் போடட்டும். உருவ விகிதத்தைத் தீர்மானிப்பது தூரம், லென்ஸ் இல்லை. செருப்பும் பாதமும் இரண்டு படத்திலும் இருப்பதால், அவற்றை ஒன்றன்மேல் ஒன்று வைத்து அளவைப் பிடித்துவிடலாம்.

மெய்யம்மை_பலகாரம்:
எனக்கும் இதே பிரச்சினைதான்! என் மகள் நலங்குப் படத்தில் பாவாடை கணுக்காலுக்கு மேலே ஏறி நிற்கிறது, ஆச்சி பார்த்துவிட்டு ஒரே சண்டை. இறக்கித் தருவீர்களா?

தேக்குத்தூண்:
உங்களுடையது இதற்கு நேர்மாறு அக்கா. இறக்கும்போது துணி எதையாவது மறைக்கத்தான் செய்யும், மறைந்திருந்ததை வரைய வேண்டியதில்லை. ஊரில் எந்த ஸ்டுடியோவிலும் செய்வார்கள்.

ஒளிக்கண்:
போனில் எடுத்த காலை 24 மெகாபிக்சல் படத்தில் ஒட்டினால் தோல் வேறு மாதிரி மழுங்கியிருக்கும். போன் தானே மெருகேற்றிவிடும்.

தேக்குத்தூண்:
உண்மை. RAW-வில் எடுக்கிற வசதி இருந்தால் அதில் எடுக்கச் சொல்லலாம். பிறகு மூலப் படத்தின் கைப்பகுதியில் இருக்கிற புள்ளித்தன்மையைப் பார்த்து, காலிலும் அதே அளவு சேர்க்க வேண்டும். நிறத்துக்கும் முகத்தைப் பார்க்காதீர்கள், முகத்தில் மேக்கப். கையைப் பாருங்கள்.

காலை ஒட்டியதும் நிறையப் பேர் விட்டுவிடுவது பாவாடையின் நிழல். விளிம்புக்கு அடியில் முழங்கால் பக்கம் இருட்டு கூடி, கீழே போகப் போக வெளுக்க வேண்டும். துணி அரக்குச் சிவப்பு என்பதால் அந்த நிழலில் கொஞ்சம் சிவப்பும் கலந்திருக்கும். கறுப்பை மட்டும் பூசினால் அழுக்குப் பிடித்தது போல் இருக்கும்.

டச்சிங்தம்பி:
தரைக்காவது என் குளோன் ஸ்டாம்பை விடுங்கண்ணே.

தேக்குத்தூண்:
விடுகிறேன், ஆனால் மேல் வரிசையிலிருந்து எடுத்துக் கீழே போடாதே. கேமரா இவ்வளவு தாழ்வாக இருந்தால் ஒவ்வொரு வரிசையும் வேறு உயரத்தில் நசுங்கியிருக்கும், மங்கலும் வேறாக இருக்கும். அதே வரிசையில் இடம் வலமாக எடு. `Filter > Vanishing Point`-இல் ஒரு கல்லின் நான்கு மூலையையும் பிடித்துத் தளம் அமைத்துக்கொண்டால் கோடு தப்பாது. ஆத்தங்குடிக் கல் கையால் வார்ப்பது, ஒன்றுக்கொன்று சாயம் கொஞ்சம் மாறும். ஒரே கல்லை ஐந்து இடத்தில் போட்டால் அச்சடித்தது போல் பல்லிளிக்கும். நாலைந்து கல்லிலிருந்து மாற்றி மாற்றி எடு.

கடைசியாகப் பளபளப்பு. தாழ்வாக இருந்து பார்ப்பதால் அந்தத் தரையில் சிவப்புத் துணியின் பிம்பம் நன்றாகவே தெரிகிறது. விளிம்பு 42 செ.மீ உயரம் போனால் பிம்பத்திலும் அது பாதத்துக்குக் கீழே ஏறக்குறைய அதே தூரம் இறங்கும். உங்கள் படத்தில் பாதத்துக்குக் கீழே 25 செ.மீ அளவுதான் இடம் இருக்கிறது. ஆக, தரையில் சிவப்பே இருக்கக் கூடாது. இரண்டு காலின் பிம்பம் மட்டும், செருப்புக்கு அருகில் தெளிவாக, கீழே போகப் போக மங்கலாக. துணியை ஏற்றிவிட்டுத் தரையில் சிவப்பை அப்படியே விட்ட வேலைகளை எத்தனையோ பார்த்தாயிற்று.

கத்திரிமாஸ்டர்:
எல்லாம் சரி. இவ்வளவு வேலைக்கு ஒரு நாள் ஆகுமா?

தேக்குத்தூண்:
ஒரு முழு நாள் ஆகும். அதுவும் இந்த ஒரு படத்துக்கு. எட்டுப் படம் இருந்தால் ஒளிக்கண் அண்ணன் சொல்கிற மாதிரி மறுபடி எடுப்பதுதான் லாபம்.

ஒளிக்கண்:
ஒரு படமானாலும் என் கருத்து மாறாது. உருப்படியைத் தைத்து, வேறு ஆளுக்கு உடுத்தி, வேறு வளவில் எடுங்கள். அவளுடைய சம்மதத்தையும் எழுத்தில் வாங்குங்கள், போனில் சொன்னது போதாது.

கண்டாங்கிக்கடை:
முகப்புக்கு இந்த ஒரு படம் மட்டும்தான் அண்ணே, மற்றதெல்லாம் புதுசாக எடுப்போம். எழுத்தில் கேட்டிருக்கிறேன், பதில் வந்துவிட்டது. முடிந்த படத்தைப் பார்த்துவிட்டுத்தான் வெளியே விடவேண்டும் என்கிறாள்.

ஒளிக்கண்:
அதையாவது சரியாகக் கேட்டிருக்கிறாள். கீழே 'நீளம் திருத்தப்பட்டது' என்று ஒரு வரி போடுவீர்களா?

கத்திரிமாஸ்டர்:
எதற்கு? விற்கிற துணி அந்த நீளம்தானே.

ஒளிக்கண்:
விழுகை அது இல்லை என்று நீங்கள்தானே சொன்னீர்கள் மாஸ்டர்?