தோட்டத் தமிழுக்கு மட்டும் மதிப்பெண் குறைகிறது: எப்படிச் சோதிப்பது?

சுங்கை சிப்புட்டில் டியூஷன் நடத்துகிறேன். மாணவர் கட்டுரைகளுக்கு ஒரு மொழி மாடல் மதிப்பெண் போடுகிறது: உள்ளடக்கத்துக்கு 10, மொழிக்கு 10. விடை முறைக்கு முறை மாறாதிருக்க டெம்பரேச்சரை 0-இல் வைத்திருக்கிறேன். மூன்று வாரமாக அது பாரபட்சம் காட்டுகிறதா என்று பார்க்கிறேன்.

முதலில் ஒரே கட்டுரையை ஐந்து முறை கொடுத்தேன். டெம்பரேச்சர் 0 என்றாலும் ஒரு மதிப்பெண் வரை ஆடியது. அப்புறம் 40 கட்டுரைகளில் பெயரை மட்டும் மாற்றினேன். வித்தியாசம் அந்த ஆட்டத்துக்குள்ளேயே அடங்கிவிட்டது, சரி.

சிக்கல் தோட்டத் தமிழில், அதாவது ரப்பர் தோட்டத்துப் பேச்சுவழக்கில்தான். "அம்மா பால்மரம் வெட்டச் சென்றுவிட்டார்" என்பதை "அம்மா பால்மரம் வெட்டப் போயிட்டாங்க" என்று மாற்றினால் மொழி மதிப்பெண் குறையட்டும், அது நியாயம். ஆனால் உள்ளடக்க மதிப்பெண்ணும் 40-இல் 27 ஜோடிகளில் இறங்கியது, நான்கில்தான் ஏறியது. முதல் சுற்றில் என் பேச்சுவழக்கு வடிவம் சற்றுச் சுருங்கிவிட்டது (என் தப்பு). நீளத்தைச் சமமாக்கித் திரும்பச் செய்தேன், இறக்கம் குறைந்ததே தவிர மறையவில்லை. மொழியைப் பொருட்படுத்தாதே என்று ப்ராம்ப்டில் எழுதியும் பார்த்தாயிற்று.

இப்போது மூன்றாவது வடிவம் ஒன்று யோசிக்கிறேன்: எழுத்துத் தமிழிலேயே, பேச்சுவழக்கில் எத்தனை சொல் மாறியதோ அத்தனை சொல்லில் சந்திப்பிழை, ஒற்றுப்பிழை. அதிலும் உள்ளடக்கம் இதே அளவு இறங்கினால் மாடல் எந்தப் பிழையையும் தண்டிக்கிறது. இறங்காவிட்டால் தோட்டத் தமிழைத்தான்.

இந்த ஒப்பீடு போதுமா, அல்லது பிழையின் கடுமையை வேறு விதமாகச் சமப்படுத்த வேண்டுமா?