தராசுக்கு மேல் ஒரு குவளை, குவளைக்குள் ஒரு விரல்: சக ஆசிரியர்களுக்கு அட்டை முறையைப் பழக்கிய அனுபவம்

ஒட்டுசுட்டான் விஞ்ஞானம்

எங்கள் கோட்டத்து விஞ்ஞான ஆசிரியர்களுக்குப் போன தவணை ஒரு செயலமர்வு வைத்தேன். சரியாகச் சொன்னால் இரண்டு வைத்தேன். முதலாவது படுத்துவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

முறை புதிதாகக் கண்டுபிடித்தது ஒன்றுமில்லை. ஹார்வர்டில் பௌதிகம் படிப்பித்த எரிக் மசூர் 1991 இல் தொடங்கியது. ஆசிரியர் ஒரு தெரிவு வினாவைக் கேட்பார். பிள்ளைகள் பேசாமல் யோசித்து, விடை எண்ணை அட்டையில் காட்டுவார்கள். விடைகள் பிரிந்திருந்தால் ஆசிரியர் சரியைச் சொல்லாமல், "வேறு எண் வைத்திருக்கிறவரோடு கதைத்து அவரை இணங்கப் பண்ணு" என்று விடுவார். இரண்டு மூன்று நிமிடத்தில் திரும்பவும் அட்டை. அதற்குப் பிறகுதான் விளக்கம். செலவு ஒரு ஏ4 தாள்: நாலாக மடித்து ஒவ்வொரு பக்கத்திலும் 1, 2, 3, 4 எழுதினால் சரி.

முதல் தடவை வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு வைத்தேன். எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தங்கிப் படிப்பிப்பவர்கள், வெள்ளி மதியம் அவர்களுக்குப் பஸ்தான் நினைவு. அதைக்கூட மன்னிக்கலாம். பெரிய பிழை செய்துகாட்டலில் இருந்தது. நாற்பது நிமிடம் கோட்பாடு சொல்லிவிட்டு, தரம் 10 பாடத்திலிருந்து மேலுதைப்புப் பற்றி ஒரு வினா கேட்டேன். இருபத்திரண்டு பேரும் ஒரே எண்ணைத் தூக்கினார்கள். எல்லோரும் விஞ்ஞான ஆசிரியர்கள், தூக்காமல் என்ன செய்வார்கள்! கதைத்து இணங்கப் பண்ண யாருமே இல்லை. முறையின் உயிரே அந்தக் கதைதான், அது நடக்கவேயில்லை. மூத்த சேர் ஒருவர் போகும்போது, "நல்ல வினாவிடைப் போட்டி தம்பி" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்.

ஒரு மாதம் கழித்துப் புதன்கிழமை திரும்ப வைத்தேன். இந்தத் தடவை ஆசிரியர்களே பிரிந்துபோகும் வினா ஒன்றைத் தேடினேன். சமையலறை இலத்திரனியல் தராசில் நீர் உள்ள குவளை இருக்கிறது. விரலை நீருக்குள் விடுகிறேன். குவளையின் அடியிலோ பக்கத்திலோ விரல் படவில்லை. தராசின் வாசிப்பு என்ன ஆகும்? 1 கூடும், 2 குறையும், 3 மாறாது, 4 சொல்ல முடியாது.

இருபத்துநாலு பேர். முதல் தடவை கூடும் என்று எட்டு, குறையும் என்று நாலு, மாறாது என்று பதினொன்று, ஒருவர் 4. நான் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு கதைக்க விட்டேன். அறை சந்தையானது. மாறாது என்ற ரீச்சர் ஒருவர், "விரலின் பாரத்தை உங்கள் கையல்லோ தாங்குது, தராசுக்கு என்ன வேலை?" என்று மேசையைத் தட்டினார். குறையும் என்றவர், "நீர் மேலே தள்ளும், அப்ப இலேசாகும்" என்றார். பக்கத்தில் இருந்த இளம் ஆசிரியர் மெல்லச் சொன்னார்: "நீர் விரலை மேலே தள்ளினால் விரல் நீரைக் கீழே தள்ளத்தானே வேணும் மிஸ்." அதன் பிறகு ரீச்சர் கொஞ்சம் பேசாமல் இருந்தார்.

இரண்டாவது தடவை கூடும் பதினேழு, மாறாது ஆறு, குறையும் ஒன்று. தராசை எடுத்தால் அது தானாக அணைந்து கிடந்தது. இந்தத் தராசுகள் தொடாமல் விட்டால் அணைந்துவிடும். குவளையோடு சேர்த்துத் திரும்பப் போட்டேன், பூச்சியம் காட்டியது. அதுவே வசதியாகப் போயிற்று. சுட்டுவிரலை இரண்டு கணு வரை விட்டேன்: 9 கிராம். விரல் இடம்பெயர்த்த நீரின் திணிவு அது. மின்விசிறியை மட்டும் முதலே நிற்பாட்டிவிடுங்கள், காற்றில் வாசிப்பு ஆடும்.

கோட்பாட்டை அதற்குப் பிறகு பத்து நிமிடத்தில் முடித்தேன். கேள்விகள் அவர்களிடமிருந்தே வந்தன.

மல்லாவி ஆரம்பப் பிரிவு

நல்ல பதிவு சேர். எனக்கும் ஒரு அனுபவம் உண்டு. இரண்டு தரங்களை ஒரே வகுப்பில் வைத்துப் படிப்பிக்கிறேன். இந்த அட்டை முறையை ஒரு செயலமர்வில் பழகி வந்து தரம் 3 பிள்ளைகளிடம் செய்து பார்த்தேன். எல்லாரும் கெட்டிக்காரப் பிள்ளையின் அட்டையைத் திரும்பிப் பார்த்துத்தான் தூக்கினார்கள். இப்படிப் பிள்ளைகளை எப்படிப் பிரித்து இருத்துவது?

ஒட்டுசுட்டான் விஞ்ஞானம்

மிஸ், நான் கேட்டது ஆசிரியர்களுக்குப் பழக்குவது பற்றி. என்றாலும் உங்கள் கேள்வியும் அதற்குள்தான் வருகிறது, எங்கள் ஆசிரியர்களே அப்படித்தான் செய்தார்கள். அட்டையைத் தலைக்கு மேல் தூக்க விடாதீர்கள். நெஞ்சோடு சேர்த்து, முன்னால் நிற்கும் ஆசிரியருக்கு மட்டும் தெரியும்படி பிடிக்கச் சொல்லுங்கள். முதலில் எல்லோரும் அட்டையைக் கவிழ்த்து வைத்திருந்து, "இப்ப" என்றதும் ஒன்றாகத் திருப்ப வேண்டும். ஒருவர் பிந்தினாலும் அது களவுதான்.

வவுனியா கணிதம்

இது ஒன்றும் புதிது இல்லையே? நாங்கள் குழுச் செயற்பாடு எத்தனை வருடமாகச் செய்கிறோம். பெயரை மாற்றினால் புது முறையா? என் கருத்தில் கதைக்க விடுவதற்கு முதல் சரி விடையைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் மெல்லக் கற்கும் பிள்ளைகள் பிழையைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். வகுப்பில் பெரும்பான்மை பிழையாக இருந்தால் பிழைதான் வெல்லும்.

ஓய்வுபெற்ற ஆசிரிய ஆலோசகர்

வவுனியா சேர் சொன்னதில் பாதி சரி. பெரும்பான்மை பிழை என்றால் பிழை வெல்லும், அது உண்மை. அதனால்தான் முதல் தடவை எண்ணச் சொல்கிறார்கள். சரியானவர் நூற்றுக்கு முப்பதுக்குக் குறைவு என்றால் கதைக்கவே விடக்கூடாது, திரும்பப் படிப்பிக்க வேண்டும். எழுபதுக்கு மேல் என்றால் கதைப்பது நேர விரயம், சுருக்கமாக விளக்கிவிட்டு நகரலாம். இடையில் நின்றால்தான் கதை. ஒட்டுசுட்டான் சேருக்கு இருபத்துநாலுக்கு எட்டு, அதாவது நூற்றுக்கு முப்பத்துமூன்று. கரையோரம்தான், தப்பிவிட்டார். ஆனால் விடையை முதலே சொன்னால் பிறகு ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். அந்தப் பாதி பிழை.

இன்னொன்று. செயலமர்வில் செய்துகாட்டல் நன்றாக இருந்தாலும் ஆசிரியர் தன் வகுப்பில் செய்வார் என்று நினைக்காதீர்கள். எத்தனையோ செயலமர்வு நடத்தியவன் நான். டிமை தாளில் எழுதி, கைதட்டி, வடையும் ரீயும் குடித்துப் போவார்கள். மறு கிழமை போய்ப் பார்த்தால் பழையபடி கரும்பலகை. அங்கேயே அவர் கையால் செய்து பிழை விட வேண்டும். பிழை விட நேரம் வைத்தீர்களா?

ஒட்டுசுட்டான் விஞ்ஞானம்

வைத்தேன் ஐயா, அதில்தான் அதிகம் படித்தேன். நாலு பேராக ஆறு குழு. இரண்டு வகுப்பறையில் மூன்று மூன்று குழுவாக இருத்தினேன். ஒவ்வொரு குழுவும் ஒரு வினா எழுதும், ஒருவர் ஆசிரியராகப் பத்து நிமிடம் நடத்துவார், மற்ற இரண்டு குழுவும் பிள்ளைகள். அவருடைய குழுவில் மிஞ்சிய மூவரும் பார்ப்பவர்கள். பார்ப்பவர்களுக்கு ஒரே வேலை: கேள்வி கேட்டு எத்தனை செக்கனில் ஆசிரியர் திரும்ப வாய் திறக்கிறார் என்று எண்ணுவது. வேறு ஒன்றும் எழுதக் கூடாது என்றேன். குறைகளின் பட்டியல் போட்டால் ஆள் சுருங்கிவிடும்.

ஆறு பேரில் ஐந்து பேர் பத்து செக்கனுக்குள் வாய் திறந்துவிட்டார்கள். "யோசியுங்கோ... சின்ன உதவி தரட்டா..." என்று. எண்ணைச் சொன்னதும் அவர்களே சிரித்தார்கள்.

வினா எழுதுவதில்தான் சிக்கல். முதல் வந்தது "மேலுதைப்பின் அலகு யாது?" இது புத்தகத்தைத் திறந்தால் தெரியும், கதைத்தால் தெரியாது. நல்ல வேளை, முன்கூட்டியே எல்லோரையும் தங்கள் தவணைப் பரீட்சை விடைத்தாள்களில் பத்தைக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். பிழையாகத் தெரியும் விடைகளை அதிலிருந்து எடுக்கச் சொன்னேன். ஒரு பிள்ளை "பாரமான பொருள் தாழும்" என்று எழுதியிருந்தான். அதை வைத்து ஒரு குழு கேட்டது: ஒரே அளவு கிளேயில் ஒன்றை உருண்டையாகவும் ஒன்றை வள்ளமாகவும் செய்தால் எது மிதக்கும், ஏன்? பிள்ளையின் பிழையே வினாவைச் செய்து தந்தது. நாங்கள் இருந்து யோசித்த தெரிவுகளில் இரண்டை எந்தப் பிள்ளையும் தெரிவு செய்ய மாட்டாது.

கிளிநொச்சி ஆங்கிலம்

நான் வேறு மாதிரிச் செய்தேன். சக ஆசிரியர்கள் பிள்ளை மாதிரி நடிப்பது எனக்குப் பிடிக்காது. அதனால் உண்மையான பிள்ளைகள் ஒன்பது பேரைக் கூட்டிவந்து ஆசிரியர்களுக்கு முன்னால் பாடம் எடுத்தேன். பின்னால் இருபது ஆசிரியர்கள் கொப்பியோடு. பிள்ளைகள் உறைந்துபோனார்கள். "பக்கத்தவரோடு கதையுங்கோ" என்றால் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டு நிலத்தைப் பார்த்தார்கள். பிறகு ஆசிரியர்கள் சொன்னது: "எங்கட பிள்ளைகளிட்ட இது சரிவராது." ஒருநாள் கதையில் அந்தத் தீர்ப்பு நிலைத்துவிட்டது.

ஓய்வுபெற்ற ஆசிரிய ஆலோசகர்

அதற்காகப் பிள்ளைகளே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆசிரியர்கள் மட்டும் இருந்தால் மெல்லக் கற்கும் பிள்ளை எப்படிக் குழம்பும் என்று தெரியாமலே போய்விடும். அந்தப் பிள்ளைகளோடு அதே கிழமையில் இரண்டு மூன்று தடவை முறையைப் பழக்கிவிட்டு, பிறகு ஐந்து ஆசிரியர்களை மட்டும் பின்னால் இருத்தியிருந்தால் என்ன?

கிளிநொச்சி ஆங்கிலம்

ஐந்து பேருக்குக் கடமை விடுப்பு எடுப்பதும் இருபது பேருக்கு எடுப்பதும் ஒரே பாடுதான் ஐயா. இருந்தாலும் யோசிக்கிறேன். ஆங்கிலத்துக்கு இந்த வினா வகை பொருந்துமா என்பதே எனக்கு இன்னும் சந்தேகம். இலக்கணத்தில் சரி, பிழை இருக்கிறது. கவிதையில் எதை அட்டையில் காட்டுவது?

வவுனியா கணிதம்

முப்பது, எழுபது கணக்கு எனக்குத் தெரியாது, ஒத்துக்கொள்கிறேன். நான் குழுச் செயற்பாடு என்று நினைத்ததில் தனியாக யோசித்து அட்டை காட்டுவது இல்லைத்தான். ஆனால் நாற்பது நிமிடப் பாடவேளையில் இப்படி எத்தனை வினா போடலாம்? பாடத்திட்டம் முடியாவிட்டால் வலயத்தில் யார் பதில் சொல்வது?

ஒட்டுசுட்டான் விஞ்ஞானம்

நான் ஒரு பாடவேளைக்கு ஒன்று, கூடினால் இரண்டு. ஒன்றுக்கு எட்டு நிமிடம் போகிறது. பாடத்திட்டம் பிந்துகிறது, மறைக்க மாட்டேன். எங்கு வெட்டலாம் என்று இன்னும் தேடுகிறேன்.

செயலமர்வு முடிந்து மூன்று கிழமையில் இருபத்துநாலு பேருக்கும் தொலைபேசியில் கேட்டேன், "ஒரு தடவையாவது செய்தீர்களா?" பதினொரு பேர் செய்திருந்தார்கள். அதில் நாலு பேர் தராசு வினாவைத்தான் அப்படியே கேட்டார்களாம். சொந்த வினா எழுதியவர்கள் ஏழு பேர். வெள்ளிக்கிழமைச் செயலமர்வுக்குப் பிறகு அப்படிக் கேட்கவே எனக்குத் துணிவு வரவில்லை. மேசையைத் தட்டிய ரீச்சர் பதினொன்றில் ஒருவர். "பிள்ளைகளில் முக்கால்வாசி நான் சொன்னதையேதான் சொல்லுதுகள் சேர், என்ன செய்ய?" என்று கேட்டார். அப்படியானால் கதைக்க விடாமல் மேலுதைப்பைத் திரும்பப் படிப்பித்துவிட்டு வரச் சொன்னேன். அடுத்த கிழமை அவருடைய பாடசாலைக்குப் போகிறேன், தராசையும் கொண்டு.