புதுப்பிப்பு: ஸ்கிராபிளில் பிளாங்க்கை எப்போது இறக்குவது?

ஸ்கிராபிள் சொல் விளையாட்டில் பிளாங்க் என்பது எந்த எழுத்தாகவும் வைத்துக்கொள்ளக்கூடிய வெற்றுக் கட்டை. முன்பு ஒருவர் கேட்டது: “பிளாங்க்கோட 34 வருது, இல்லாம 22. போட்டுடலாமா?”

வேண்டாம். போட்டிகளில் ஆடும் ஒருவர் சொன்ன அளவுகோல் இது: பிளாங்க் இல்லாத சிறந்த ஆட்டத்தைவிட 25-30 புள்ளி கூடினால்தான் செலவிடலாம். இங்கே 12தான். ஏழு கட்டையையும் இறக்கும் 50 போனஸுக்கு மட்டுமே வைக்கணும் என்றவர் சொன்னது பாதி சரி. ஒரே முறை இறக்கி 60 கிடைத்தால் தயங்காமல் போடுங்கள்.

ஆர், இ, டி, ஏ, ஐ, என் கையில் சேர்ந்தால் பிளாங்க் சி ஆகி ‘சர்டன்’, பி ஆகி ‘பெயின்டர்’ தரும். இப்படிக் கை கூடிவரும்போது காத்திருப்பது பலன் தரும்.



கட்டை எடுக்கும் பை காலியானால் அளவுகோல் மாறும். எதிராளி முதலில் முடித்தால் பிளாங்க் வீண். பையில் ஏழெட்டுக் கட்டை மிஞ்சும்போது எவ்வளவு புள்ளி கூடினால் பிளாங்க்கைச் செலவிடலாம் என்பதில் இன்னும் கருத்து ஒன்றுபடவில்லை.