வாட்ஸப் Undo: அஞ்சு விநாடி தாராளமா?

திண்டுக்கல் தீரன்: வாட்ஸப்பில் தவறிப்போய் Delete for me அழுத்திட்டா கீழே Undo வருது, 5 விநாடி நிக்குது. 5 விநாடி தாராளம். அதுக்குள்ள அழுத்தத் தெரியாதவங்க எதுக்கு ஸ்மார்ட்போன் வெச்சிருக்காங்க?

குமரன்: தாராளம்னு எதை வெச்சு சொல்றீங்க? விரல் வேகமா இங்க பிரச்சினை? தப்பு நடந்ததே ஆளுக்குத் தெரியாது, அதுதான் பிரச்சினை. ஆபீஸ் குரூப்ல ஒருத்தர் காலை 10 மணிக்கு வீட்டுக் கணக்கைத் தவறுதலாப் போட்டுடறார்னு வைங்க. அழுத்த நினைச்சது Delete for everyone, விரல் பட்டது Delete for me. அவர் திரையில செய்தி மறைஞ்சிடுச்சு. அப்பாடான்னு போனைப் பையில போடுவார். குரூப்ல இருக்கிற மத்த எல்லாரும் கணக்கைப் படிச்சுட்டு இருப்பாங்க.

எல்லாருக்கும் அழிஞ்சிருந்தா அந்த இடத்துல "You deleted this message"ன்னு ஒரு வரி மிச்சம் இருக்கும். தனக்கு மட்டும் அழிஞ்சிருந்தா ஒண்ணுமே இருக்காது. இந்த வித்தியாசத்தைக் கவனிச்சு, தப்புன்னு புரிஞ்சு, கண்ணைக் கீழே இறக்கி Undo-வைத் தேடணும். எல்லாத்துக்கும் சேர்த்துத்தான் உங்க 5 விநாடி.

பேச்சிமுத்து: ஐயா, எதுக்கு இந்தச் சண்டை? இப்பெல்லாம் ரெண்டரை நாள் டைம் கொடுத்திருக்காங்களே. பழைய ஒரு மணி நேரக் கணக்கு 2022-லயே மாறிடுச்சு.

குமரன்: அண்ணே, ரெண்டரை நாள்ங்கறது Delete for everyone-க்கு. இங்க பேசறது Undo. ரெண்டும் சேரும் இடத்துலதான் வினையே. உங்க திரையில செய்தி இருந்தாத்தானே அதை அழுத்திப் பிடிச்சு எல்லாருக்கும் அழிக்க முடியும்? 5 விநாடிக்குள்ள Undo போட்டா செய்தி திரும்ப வரும், நிதானமா Delete for everyone கொடுக்கலாம். தவறவிட்டா அந்த ரெண்டரை நாளும் உங்களுக்குக் கிடையாது. அதுக்கப்புறம் குரூப் அட்மின் காலைப் பிடிக்கணும், அவரால அடுத்தவங்க செய்தியை எல்லாருக்கும் அழிக்க முடியும். தனி உரையாடல்னா அந்த வழியும் இல்லை.

திண்டுக்கல் தீரன்: இவ்வளவு பெரிய கட்டுரை எழுத நேரம் இருக்கு, ஒரு பட்டனை அழுத்த 5 விநாடி பத்தலையாம். பேக்கப்னு ஒண்ணு இருக்கு சார், கேள்விப்பட்டிருக்கீங்களா?

குமரன்: கேள்விப்பட்டிருக்கேன் சார், நீங்க யோசிச்சுப் பாத்தீங்களா? ஆண்ட்ராய்டுல போனுக்குள்ள எடுக்கற பேக்கப் விடிகாலை 2 மணிக்கு ஓடும். காலை 10 மணிக்குப் போட்ட செய்தி அதுல எப்படி இருக்கும்? இந்த மாதிரித் தப்பு பெரும்பாலும் செய்தி போட்ட சில நிமிஷத்துல நடக்கறது. அதுக்கு நேத்து ராத்திரி பேக்கப்பால ஒரு பிரயோஜனமும் இல்லை. போன வாரத்துச் செய்தியை இன்னைக்கு அழிச்சிருந்தா உதவும், ஆனா வாட்ஸப்பை எடுத்துட்டுத் திரும்பப் போட்டு மீட்கணும், பேக்கப்புக்கு அப்புறம் வந்ததெல்லாம் போயிடும். அடுத்த 2 மணி தாண்டிட்டா புது பேக்கப்புலயும் அந்தச் செய்தி இருக்காது. அப்புறம் Databases ஃபோல்டர்ல தேதி போட்ட பழைய ஃபைலைத் தேடி, `msgstore.db.crypt14`னு பேர் மாத்தி (கடைசி எண் சில போன்ல 15) மீட்கணும். ஒரு வாரத்துக்கு முந்தின ஃபைல் அங்க இருக்காது.

செல்வி_ஆர்: ரெண்டு பேரும் கத்தறதை நிறுத்துங்க. ஆண்ட்ராய்டு 10-ல இருந்தே இந்த நேரத்தை நீட்டிக்கலாம். Settings-ல தேடற இடத்துல Time to take action-னு அடிங்க. 10 விநாடி, 30 விநாடி, 1 நிமிஷம், 2 நிமிஷம்னு வரும். 30 வெச்சுக்கோங்க, வேலை முடிஞ்சது.

குமரன்: பாதி சரி மேடம். அந்த அமைப்பு ஆப்புக்கு ஒரு சிபாரிசு, அவ்வளவுதான். ஆப் `getRecommendedTimeoutMillis`-ஐக் கூப்பிட்டுக் கேட்டாத்தான் நேரம் நீளும். Undo வர்ற அந்தக் கீழ்ப் பட்டைக்குக் கூகுள் கொடுக்கற Snackbar-ஐ அப்படியே எடுத்து வெச்ச ஆப்ல அது தானா நடக்கும். பட்டையைச் சொந்தமா எழுதிக்கிட்ட ஆப், சிபாரிசைக் கேட்கவே கேட்காது. டெலிகிராம் ஆண்ட்ராய்டு ஆப் அப்படித்தான், மூல நிரல் திறந்தே கிடக்கு: 5000 மில்லிவிநாடின்னு நேரா எழுதி வெச்சிருக்காங்க. நீங்க 2 நிமிஷம் வெச்சாலும் அங்க 5 விநாடிதான்.

செல்வி_ஆர்: நான் டெலிகிராமைப் பத்திப் பேசவே இல்லை. உங்களுக்கு யாராவது தீர்வு சொன்னா பிடிக்காது. போன மாசம் கீபோர்டு இழையிலயும் இதே கதைதான்.

நெல்லை_டெலி: டெலிகிராமை இழுத்ததுக்கு ஒரு வார்த்தை. அங்க ஒரு சாட்டையே மொத்தமா அழிச்சாலும் வட்டத்துல 5, 4, 3னு எண் இறங்கறது கண்ணுக்குத் தெரியும். வாட்ஸப்ல முழு சாட்டுக்கு Undo இருக்கா? "அழிக்கட்டுமா"ன்னு ஒரு கேள்வி, அதோட சரி.

குமரன்: எண் இறங்கறதை நம்பி ஏமாறாதீங்க. எண் ஓடிட்டு இருக்கும்போது வேற சாட்டைத் திறந்தாலோ ஆப்பை விட்டு வெளியே போனாலோ அந்த நொடியே அழிச்சு முடிச்சிடும், மீதி விநாடி கணக்குல வராது. அடுத்தடுத்து ரெண்டு சாட்டை அழிச்சாலும் முதலாவது உடனே காலி. Snackbar வெச்ச ஆப்லயும் இதே குணம்தான், ஒரு நேரத்துல ஒரு பட்டைதான் நிக்கும், புதுசு வந்தா பழசு போயிடும். தீரன் சொல்ற 5 விநாடி முழுசாக் கிடைக்கணும்னா கையைக் கட்டிக்கிட்டு சும்மா இருக்கணும்.

திண்டுக்கல் தீரன்: சும்மா இருந்தா 5 விநாடி இருக்குன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க. நன்றி.

குமரன்: ஒத்துக்கிட்டேனா?! ஐபோன் மெசேஜஸ்ல 2022-ல இருந்து Recently Deleted இருக்கு, 30 நாள் வெச்சிருக்கும். ஜிமெயில் குப்பையும் 30 நாள். பின்னால குப்பைத்தொட்டி இருக்கற இடத்துல Undo 2 விநாடி இருந்தாலும் யாரும் கேட்கப்போறதில்லை. வாட்ஸப்ல அந்தத் தொட்டி இல்லை, அதனாலதான் இந்த 5 விநாடி உறுத்துது.

செல்வி_ஆர்: தொட்டி வேணும்னு கேட்கறவர் எல்லாம் ஆம்பளைங்க. போனைப் பிடுங்கிப் பாக்கற வீட்டுல இருக்கறவளுக்கு அழிச்சது அழிஞ்சாகணும். 30 நாள் ஒரு ஃபோல்டர்ல உக்காந்திருந்தா அதைவிடப் பெரிய ஆபத்து இல்லை. பட்டையே 30 விநாடி நின்னாலும் எட்டிப் பாக்கறவனுக்குத் தெரியும்.

குமரன்: இப்பத்தான் 30 விநாடி வெச்சுக்கோங்கன்னு சொன்னீங்க.

செல்வி_ஆர்: வேணுங்கறவங்க வெச்சுக்கட்டும்னு சொன்னேன். எல்லார் தலையிலயும் கட்டச் சொல்லலை. படிக்கத் தெரியுமா?

நெல்லை_டெலி: ஜிமெயில்ல அனுப்பினதுக்கே 30 விநாடி Undo இருக்கே, அதை யாரும் சொல்லலை?

குமரன்: அது அனுப்பின மெயிலைத் திரும்ப வாங்கறது இல்லை, அனுப்பாமலே பிடிச்சு வெச்சிருக்கறது. 5, 10, 20, 30னு நீங்களே தேர்ந்தெடுக்கலாம். அந்த மாதிரி ஒரு தேர்வை வாட்ஸப் கொடுத்தா செல்வி மேடம் கேட்கறதும் கிடைக்கும், நான் கேட்கறதும் கிடைக்கும்.

திண்டுக்கல் தீரன்: ஒரு Undo-வுக்கு இவ்வளவு தேர்வா? 5 விநாடி தாராளம். மறுபடி சொல்றேன், தாராளம்.

பேச்சிமுத்து: ஐயா, மச்சான் சாட் மொத்தமும் போன வாரம் அழிஞ்சிடுச்சு. Undo எங்க இருக்குன்னு யாராவது சொல்லுங்களேன்.

குமரன்: அண்ணே, அதுக்கு Undo கிடையாது. இன்னையோட எத்தனை நாள் ஆச்சு? மேல சொன்ன Databases ஃபோல்டரை உடனே கம்ப்யூட்டர்ல காப்பி எடுத்து வைங்க. ஒரு வாரம் தாண்டினா பழைய ஃபைல் ஒவ்வொண்ணாப் போயிடும்.

திண்டுக்கல் தீரன்: பேக்கப் பிரயோஜனமில்லைன்னு சொன்னவர் யாரு?